கேட்புச் சோதனைக் குறிப்பை அறிக்கையாக்குவது: ஒரு விசைத்தறித் தொழிலாளியின் இரண்டு காதுகள்

காது பரிசோதனை முடிந்ததும் கையில் இருப்பது ஒரு ஆடியோகிராம் தாள், ஓரத்தில் கிறுக்கிய சில எண்கள், செவிப்பறையின் அசைவை அளக்கும் டிம்பனோமீட்டர் துப்பிய ஒரு சீட்டு. இதிலிருந்து காது மூக்கு தொண்டை மருத்துவரும், காதுகேட்கும் கருவி பொருத்துபவரும், சில சமயம் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மருத்துவக் குழுவும் படிக்கிற அறிக்கை வர வேண்டும். அவர்கள் தேடுவது ஒவ்வொரு காதுக்கும் இரண்டு பதில்கள்: குறைபாடு எந்த வகை, எவ்வளவு.

இந்த இரண்டு பதில்களும் வேறு வேறு எண்களிலிருந்து வருகின்றன. அளவைச் சொல்வது காற்றுவழி எண்கள், அதாவது ஹெட்ஃபோன் வழியாகக் கேட்டவை. வகையைச் சொல்வது காற்றுவழிக்கும், காதுக்குப் பின்னால் உள்ள எலும்பை அதிரவைத்துக் கேட்ட எலும்புவழிக்கும் உள்ள இடைவெளி. எலும்புவழி எண் எந்தக் காதினுடையது என்று உறுதியானால்தான் அந்த இடைவெளிக்குப் பொருள் உண்டு. தவறான அறிக்கைகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசி இடத்தில்தான் வழுக்குகின்றன. ஆகவே ஒரே ஒரு நோயாளியின் குறிப்பை எடுத்து, முதல் எண்ணிலிருந்து கையெழுத்து வரை கொண்டுபோவோம். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறி குடோன்களிலிருந்து வருபவர்களிடம் அடிக்கடி காணும் அமைப்பில், விளக்குவதற்காக உருவாக்கிய குறிப்பு இது.

குறிப்பில் என்ன இருக்கிறது

52 வயது ஆண். விசைத்தறியில் 28 ஆண்டு வேலை. அவர் சொன்னது அப்படியே: "எடது காதுல சின்ன வயசுலருந்தே சீ வடியுமுங்க. இப்ப ரெண்டு வருசமா ரெண்டு பக்கமும் கொய்யுனு சத்தம் கேக்குதுங்க." காதுக்குள் பார்த்ததில் வலது செவிப்பறை முழுமையாக இருக்கிறது. இடது செவிப்பறையின் நடுப்பகுதியில் ஓட்டை. அன்றைக்கு ஈரம் இல்லை. கடைசி ஷிப்ட் முந்தின நாள் மாலை 6 மணிக்கு முடிந்தது, சோதனை காலை 10 மணிக்கு.

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். பேரிரைச்சலில் இருந்து நேராக வந்து உட்கார்ந்தவரின் கேட்பு தற்காலிகமாக மங்கியிருக்கும். அதை நிலையான குறைபாடாக எழுதிவிட வாய்ப்பு உண்டு. குறைந்தது 14 மணி நேரமாவது தறிச் சத்தத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். இவருக்கு 16 மணி நேரம் ஆகியிருக்கிறது. இரவு ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே பஸ் ஏறி வந்தவராக இருந்தால், அந்த எண்களை இறுதியாகக் கொள்ளாமல் மறுநாள் எடுக்க வேண்டும். முடியாவிட்டால் அந்த உண்மையை அறிக்கையில் எழுத வேண்டும்.

எண்கள் இவை. எல்லாம் டெசிபெல் கேட்பு அளவில்; எண் கூடக் கூட கேட்பு மோசம். மாஸ்கிங் என்பது ஒரு காதைச் சோதிக்கும்போது மறுகாது பதில் சொல்லிவிடாதபடி அதில் இரைச்சல் கொடுப்பது.

| ஹெர்ட்ஸ் | 250 | 500 | 1000 | 2000 | 3000 | 4000 | 6000 | 8000 |
|---|---|---|---|---|---|---|---|---|
| வலது காற்றுவழி | 15 | 15 | 20 | 25 | 45 | 55 | 50 | 35 |
| வலது எலும்புவழி, மாஸ்கிங் இல்லாமல் | – | 15 | 15 | 25 | – | 50 | – | – |
| இடது காற்றுவழி, மாஸ்கிங் இல்லாமல் | 60 | 60 | 60 | 65 | – | 75 | – | 80 |
| இடது காற்றுவழி, மாஸ்கிங்குடன் | 60 | 60 | 65 | 65 | – | – | – | 80 |
| இடது எலும்புவழி, மாஸ்கிங் இல்லாமல் | – | 15 | 15 | 25 | – | 50 | – | – |
| இடது எலும்புவழி, மாஸ்கிங்குடன் | – | 30 | 35 | 45 | – | 55 | – | – |

பேச்சுச் சோதனையில் வலது காதின் பேச்சு அறியும் அளவு 20 டெசிபெல், சொல் அடையாளம் காணும் மதிப்பெண் 96 சதவீதம். இடது காதுக்கு, வலதில் மாஸ்கிங் கொடுத்து, 65 டெசிபெல், 84 சதவீதம். டிம்பனோமெட்ரியில் வலது ஏ வகை, அதாவது இயல்பான கோடு. இடது பி வகை, அதாவது தட்டையான கோடு, காதுக்குழாய்க் கொள்ளளவு 3.8 மில்லிலிட்டர்.

முதல் வேலை: ஆடியோகிராமிலிருந்து எண்ணை எடுப்பது

வரைபடத்தைப் பார்த்தபடியே அறிக்கை எழுதக் கூடாது. மேலே உள்ளதுபோல எண்களாக ஒரு தாளில் இறக்கிக்கொண்டு பிறகுதான் சிந்திக்க வேண்டும். வரைபடத்தில் கண் கோட்டின் சாய்வைத்தான் பார்க்கும். எந்தப் புள்ளி மாஸ்கிங்குடன் எடுத்தது என்பதைத் தவறவிட்டுவிடும்.

குறியீடுகளை நினைவில் வைக்க ஒரே வழி ஜோடியாக வைப்பதுதான். வலது சிவப்பு, இடது நீலம். காற்றுவழி மாஸ்கிங் இல்லாமல் வலது `O`, இடது `X`. மாஸ்கிங்குடன் வலது முக்கோணம், இடது சதுரம். எலும்புவழி மாஸ்கிங் இல்லாமல் வலது `<`, இடது `>`. மாஸ்கிங்குடன் வலது `[`, இடது `]`. குறியின் அடியில் கீழ்நோக்கி ஒரு அம்பு இருந்தால், இயந்திரத்தின் உச்ச அளவிலும் பதில் வரவில்லை என்று பொருள். அவசரத்தில் எழுதிய தாளில் `<` குறியும் `[` குறியும் ஒன்றுபோலத் தெரியும். சந்தேகம் வந்தால் ஊகிக்காமல் சோதித்தவரையே கேளுங்கள். அந்த ஒரு குறிதான் அறிக்கையின் வகையை முடிவு செய்கிறது.

எண்களை இறக்கும்போது காலியாக இருக்கும் கட்டங்களையும் கவனியுங்கள். வலது காதில் 2000இல் 25, 4000இல் 55. பக்கத்துப் பக்கத்து அலைவெண்களில் 20 டெசிபெலுக்குக் குறையாத வித்தியாசம் வந்தால் இடையிலுள்ள அலைவெண்ணையும் சோதிப்பது முறை. இங்கே 3000 எடுக்கப்பட்டிருக்கிறது. இல்லாவிட்டால் சரிவு எங்கே தொடங்குகிறது என்று எழுதவே முடியாது.

இரண்டாவது: எண் எந்தக் காதினுடையது

எலும்புவழிச் சோதனையில் அதிர்வியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைக்கிறோம். மண்டையோடு முழுவதும் அதிர்கிறது. இடது பக்கம் வைத்தாலும் ஒலி வலது உட்காதுக்கு ஏறக்குறைய குறையாமலே போய்ச் சேரும். எந்தக் காது நன்றாகக் கேட்கிறதோ அது பதில் சொல்லிவிடும். நோயாளி கையைத் தூக்குவார். நாம் இடது காதென்று எழுதிக்கொள்வோம்.

மேலே உள்ள குறிப்பிலேயே அது கண்ணுக்குத் தெரிகிறது. மாஸ்கிங் இல்லாத இடது எலும்புவழி 15, 15, 25, 50. வலது எலும்புவழியும் 15, 15, 25, 50. இரண்டு காதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருப்பது தற்செயலாக இருக்க வழியில்லை. இரண்டு தடவையும் பதில் சொன்னது வலது காதுதான். இப்படி ஒரே எண் வரிசை இரண்டு பக்கமும் வந்தால் உடனே மாஸ்கிங் எண்ணைத் தேடுங்கள்.

காற்றுவழியிலும் இது நடக்கும், ஆனால் ஒலி பலமாக இருந்தால்தான். காதின் மேல் அழுத்தி வைக்கும் வழக்கமான ஹெட்ஃபோனில் ஒலி மறுபக்கம் கடக்கும்போது குறைந்தது 40 டெசிபெல் குறையும். ஆகவே சோதிக்கும் காதின் காற்றுவழி அளவிலிருந்து மறுகாதின் எலும்புவழி அளவைக் கழியுங்கள். 40 அல்லது அதற்கு மேல் வந்தால் மறுகாதுக்கு மாஸ்கிங் இரைச்சல் கொடுத்து மீண்டும் எடுத்திருக்க வேண்டும். 500இல் 60 கழித்தல் 15, அதாவது 45. 1000இலும் 45. 2000இல் சரியாக 40. மூன்றுக்கும் மாஸ்கிங் தேவை, எடுக்கப்பட்டிருக்கிறது. 4000இல் 75 கழித்தல் 50, அதாவது 25 மட்டுமே. அங்கே மாஸ்கிங் இல்லாத எண்ணே போதும். 250இலும் 8000இலும் எலும்புவழி எடுக்கவில்லை என்பதால் வலது காற்றுவழியோடு ஒப்பிடுகிறோம். இரண்டிலும் வித்தியாசம் 45, ஆகவே மாஸ்கிங்குடன் எடுத்தது சரி. காதுக்குள் செருகும் நுரை முனை ஃபோன் பயன்படுத்தியிருந்தால் கடப்புக் குறைவு இதைவிட அதிகம். அதனால் எந்த ஃபோன் என்பதைக் குறிப்பில் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

எலும்புவழிக்கு விதி இதைவிட எளிது. ஒரு காதில் காற்றுவழிக்கும் மாஸ்கிங் இல்லாத எலும்புவழிக்கும் இடைவெளி 10 டெசிபெலைத் தாண்டினால் மாஸ்கிங் கட்டாயம். வலது காதில் இடைவெளி 0, 5, 0, 5. தாண்டவில்லை. அங்கே மாஸ்கிங் இல்லாத எண்ணை நம்பலாம்: பதில் சொன்னது எந்த உட்காதாக இருந்தாலும், வலதின் உண்மையான எலும்புவழி அதன் காற்றுவழியைவிட மோசமாக இருக்க முடியாது; ஆகவே பெரிய இடைவெளி ஒளிந்திருக்க இடமில்லை. இடதில் இடைவெளி 45, 45, 40, 25. எல்லாவற்றிலும் மாஸ்கிங் வேண்டும்.

மாஸ்கிங் எடுத்ததாக எழுதியிருந்தால் மட்டும் போதாது. சரியாக எடுத்ததா என்றும் பார்க்க வேண்டும். நல்ல குறிப்பில் இப்படி இருக்கும்: "1000, இடது எலும்புவழி 35, வலதில் இரைச்சல் 40, 50, 60." இரைச்சலை 20 டெசிபெல் ஏற்றியும் பதில் 35இலேயே நின்றது, அது சமநிலை மட்டம். நம்பலாம். மாறாக இரைச்சலை ஒவ்வொரு 10 ஏற்றும்போதும் பதிலும் 10 ஏறிக்கொண்டே போயிருந்தால், ஒன்று மாஸ்கிங் இன்னும் போதவில்லை, அல்லது இரைச்சல் மண்டையோடு வழியாகச் சோதிக்கும் காதுக்கே வந்து அதையே மூடிவிட்டது. இந்த நோயாளிக்கு 1000இல் இடது எலும்புவழி 35. அதோடு 40 சேர்த்தால் 75. வலதில் 75 வரை இரைச்சல் கொடுத்தால் இரண்டாவது ஆபத்து தொடங்கும். 60இல் நிறுத்தியது பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கிறது.

மாஸ்கிங் இல்லாத எண் மட்டும் கிடைத்தால் என்ன எழுதுவது? வகையை எழுதாதீர்கள். "மாஸ்கிங் இல்லாத எலும்புவழி 15 முதல் 50 டெசிபெல், இது சிறந்த காதின் பதிலாக இருக்கக்கூடும், இடது காதின் வகை தீர்மானிக்கப்படவில்லை, மாஸ்கிங்குடன் மறு சோதனை தேவை" என்று எழுதி நோயாளியைத் திரும்ப அழையுங்கள். இந்தக் கண்டிப்பு ஏன் என்றால், மாஸ்கிங் இல்லாத எண்ணை நம்பியிருந்தால் இடது உட்காது 2000 வரை முழு நலத்துடன் இருப்பதாகவும், குறை எல்லாம் செவிப்பறை ஓட்டையால் என்றும் அறிக்கை சொல்லியிருக்கும். ஓட்டையை அடைத்தால் காது முழுதாகத் திரும்பிவிடும் என்று மருத்துவரும் நோயாளியும் எதிர்பார்த்திருப்பார்கள். மாஸ்கிங் எண்ணோ, அறுவை எவ்வளவு நன்றாக முடிந்தாலும் 30 முதல் 55 டெசிபெல் வரையான உட்காதுக் குறை அப்படியே நிற்கும் என்று சொல்கிறது.

மூன்றாவது: அளவு

இனி உறுதியான காற்றுவழி எண்களை மட்டும் எடுங்கள். மாஸ்கிங் எண் இருந்தால் அதுதான். பழைய எண்ணை மறந்துவிடுங்கள். சராசரிக்கு 500, 1000, 2000, 4000 ஆகிய நான்கும்.

```
வலது: (15 + 20 + 25 + 55) / 4 = 28.75
இடது: (60 + 65 + 65 + 75) / 4 = 66.25
```

4000ஐ விட்டுவிட்டு மூன்று அலைவெண் சராசரி மட்டும் போடும் பழக்கம் இன்னும் பல இடங்களில் உண்டு. வலது காதுக்கு அப்படிப் போட்டால் 20 வரும். "வலது காது இயல்பு" என்று முடிந்துவிடும். 28 ஆண்டு தறிச் சத்தம் 4000இல் போட்ட பள்ளம் அறிக்கையிலேயே இருக்காது. பேச்சு அறியும் அளவோடு ஒப்பிட மூன்று அலைவெண் சராசரி பயன்படும். அதை அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அந்த எண்ணுக்கு ஒரு சொல். இங்கே இரண்டு அளவுகோல்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நம் மருத்துவமனைகளில் நெடுநாளாக இருப்பதில் 25 வரை இயல்பு, 26–40 லேசானது, 41–55 மிதமானது, 56–70 மிதமான-கடுமை, 71–90 கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்டதில் 20க்குக் கீழே இயல்பு, 20 முதல் 35க்குள் லேசானது, 35 முதல் 50க்குள் மிதமானது, 50 முதல் 65க்குள் மிதமான-கடுமை, 65 முதல் 80க்குள் கடுமை என்று போகிறது. வலது காதின் 28.75 இரண்டிலும் லேசானதே. இடது காதின் 66.25 பழையதில் மிதமான-கடுமை, புதியதில் கடுமை. ஒரே காது, ஒரே எண், இரண்டு சொல். ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் வேறு அளவுகோலில் அறிக்கை வாங்கினால், காது மோசமாகிவிட்டது என்று குடும்பமே பயந்துபோகும். அளவுகோலின் பெயரையும் சராசரி எண்ணையும் சொல்லோடு சேர்த்தே எழுதினால் இந்தக் குழப்பம் வராது. இங்கே பழைய அளவுகோலில் எழுதுவோம்.

வலது காதுக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. "லேசான குறைபாடு" என்று எழுதினால் கணக்கு சரி, காட்சி தவறு. 2000 வரை அந்தக் காது இயல்பு. 3000இலிருந்து 6000 வரை 45, 55, 50. 8000இல் 35ஆக மீள்கிறது. சமமாகப் பரவிய லேசான குறைபாடு எங்குமே இல்லை. கோடு சரிந்தோ பள்ளம் விழுந்தோ இருந்தால் சராசரியை அடைப்புக்குள் தள்ளிவிட்டு, எந்த அலைவெண்ணிலிருந்து எது வரை எவ்வளவு என்று சொல்வதுதான் நேர்மையான விவரிப்பு.

நான்காவது: வகை

ஒவ்வொரு காதுக்கும் இரண்டே கேள்வி. எலும்புவழி இயல்பா? இடைவெளி 10ஐத் தாண்டுகிறதா? எலும்புவழி இயல்பு, இடைவெளி உண்டு என்றால் கடத்தல் வகை: வெளிக்காதிலோ நடுக்காதிலோ தடை. எலும்புவழி குறைவு, இடைவெளி இல்லை என்றால் உணர்நரம்பு வகை: உட்காதிலோ நரம்பிலோ குறை. எலும்புவழியும் குறைவு, இடைவெளியும் உண்டு என்றால் கலப்பு வகை.

வலதில் 4000இல் காற்றுவழி 55, எலும்புவழி 50. இடைவெளி 5. உணர்நரம்பு வகை. இடதில் இப்படி:

| ஹெர்ட்ஸ் | 500 | 1000 | 2000 | 4000 | சராசரி |
|---|---|---|---|---|---|
| காற்றுவழி | 60 | 65 | 65 | 75 | 66.25 |
| எலும்புவழி | 30 | 35 | 45 | 55 | 41.25 |
| இடைவெளி | 30 | 30 | 20 | 20 | 25 |

எலும்புவழி நான்கிலும் 25ஐத் தாண்டியிருக்கிறது, இடைவெளி நான்கிலும் 10ஐத் தாண்டியிருக்கிறது. கலப்பு வகை, ஐயமில்லை. இந்தச் சிறிய அட்டவணையை அறிக்கையிலும் சேர்ப்பது நல்லது. 66 டெசிபெலில் 25 நடுக்காதுப் பங்கு, 41 உட்காதுப் பங்கு என்று ஒரு பார்வையில் தெரிந்தால், அறுவையால் எது திரும்பலாம், எதற்குக் கருவி வேண்டும் என்று மருத்துவர் பேச ஆரம்பிக்கலாம்.

வகை சொல்லக் கூடாத ஒரு நிலை உண்டு. வயதானவர்களின் குறிப்புகளில் அதைத் தவறாமல் பார்ப்பீர்கள். காற்றுவழி 95 டெசிபெல், எலும்புவழியில் பதிலே இல்லை என்று அம்புக்குறி. எலும்பு அதிர்வியால் பெரும்பாலும் 60, 70 டெசிபெலுக்கு மேல் கொடுக்க முடியாது. 70இல் பதில் இல்லை என்றால் உண்மையான எலும்புவழி 75ஆகவும் இருக்கலாம், 95ஆகவும் இருக்கலாம். முதலாவதானால் கலப்பு, இரண்டாவதானால் உணர்நரம்பு. அந்தத் தாளில் "இயந்திரத்தின் உச்ச அளவான 70 டெசிபெலில் எலும்புவழிப் பதில் இல்லை, உணர்நரம்புக் குறைபாடு உறுதி, கடத்தல் பங்கு உண்டா என்பதை இந்தச் சோதனையால் சொல்ல முடியாது" என்பதே சரி. இதற்கு நேர்மாறான பொறியும் இருக்கிறது: 250இல் 25 டெசிபெல் சுற்றிலும், 500இல் 55 டெசிபெல் சுற்றிலும் அதிர்வை எலும்பிலேயே தொடு உணர்வாக உணரலாம். அதற்கும் கை தூக்குவார்கள். கடுமையான குறைபாட்டில் அந்த இரண்டு இடத்தில் மட்டும் இடைவெளி தெரிந்து, டிம்பனோமெட்ரி ஏ வகையாகவும் இருந்தால், அது நடுக்காதுத் தடை என்று எழுதிவிடாதீர்கள். "கேட்டுச்சுங்களா, இல்ல அதிர்றது மட்டும் தெரிஞ்சுதுங்களா?" என்று ஒரு கேள்வி போதும்.

ஐந்தாவது: எல்லாம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா

எழுதத் தொடங்குமுன் மூன்று ஒப்பீடு. முதலில் பேச்சு அறியும் அளவு மூன்று அலைவெண் சராசரியோடு 10 டெசிபெலுக்குள் ஒத்துப்போக வேண்டும். வலது 20க்கு 20. இடது 63க்கு 65. இரண்டும் பொருந்துகின்றன. தொனிச் சோதனையில் 60, பேச்சில் 30 என்று வந்திருந்தால் பதில்கள் நம்பத்தக்கவையா என்ற கேள்வி எழும். இழப்பீடோ சான்றிதழோ சம்பந்தப்பட்ட சோதனையில் இது அடிக்கடி தலைகாட்டும். "பொய் சொல்கிறார்" என்று எழுத நமக்கு உரிமையில்லை. "தொனி அளவும் பேச்சு அளவும் பொருந்தவில்லை, மறு சோதனை தேவை" என்று மட்டும்.

அடுத்து டிம்பனோமெட்ரி. பி வகைக் கோடு மட்டும் எதையும் சொல்வதில்லை. கொள்ளளவோடு படித்தால்தான் பேசும். கொள்ளளவு பெரியவர்களுக்கு வழக்கமான 1 மில்லிலிட்டர் சுற்றி இருந்து கோடு தட்டையாக இருந்தால் நடுக்காதில் நீர் இருக்கலாம். மிகச் சிறிதாக இருந்தால் குறும்பியோ, முனை குழாய்ச் சுவரில் முட்டியதோ காரணம். இங்கே 3.8, முனை ஓட்டை வழியாக நடுக்காதையும் சேர்த்து அளந்திருக்கிறது. கண்ணால் பார்த்த ஓட்டையோடு பொருந்துகிறது, எலும்புவழி காட்டிய கடத்தல் பங்கோடும் பொருந்துகிறது.

மூன்றாவது ஒப்பீடு இரண்டு உட்காதுகளுக்கும் இடையில். 500, 1000, 2000இல் இடது எலும்புவழி வலதைவிட 15, 20, 20 டெசிபெல் மோசம். ஒரே தறியின் சத்தம் இரண்டு காதுக்கும்தான் போயிருக்கும்; ஆகவே இந்தச் சமமின்மையைச் சத்தத்தின் கணக்கில் எழுத முடியாது. நாட்பட்ட நடுக்காது நோய் உட்காதையும் பாதிக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம். காரணம் சொல்வது மருத்துவரின் வேலை. சமமின்மை இருக்கிறது என்று அவர் கண்ணில் படும்படி எழுதுவது நம் வேலை. (இதே சமமின்மை ஓரிரு நாளில் திடீரென வந்ததாக நோயாளி சொல்லியிருந்தால் அறிக்கை தட்டச்சாகும் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.)

ஆறாவது: எழுதுவது

அறிக்கை வழக்கமாக ஆங்கிலத்தில் போகும். எந்த மொழியானாலும் வாக்கிய அமைப்பு இதுதான். காதுக்கு ஒரு பத்தி, ஒரே வரிசை: அளவு, வகை, அலைவெண் வடிவம், எண், ஆதாரம். "இரு காதுகளிலும்" என்று தொடங்கும் வாக்கியத்தை இரண்டு காதும் உண்மையிலேயே ஒன்றாக இருந்தால் தவிரத் தொடாதீர்கள்.

> வரலாறு: 52 வயது, விசைத்தறித் தொழில் 28 ஆண்டு. இடது காதில் சிறு வயது முதல் விட்டு விட்டு சீழ். இரண்டு ஆண்டாக இருபுறமும் காது இரைச்சல். சோதனைக்கு முன் தொழில் சத்தத்திலிருந்து 16 மணி நேர இடைவெளி.
>
> காது பார்வை: வலது செவிப்பறை முழுமை. இடது செவிப்பறை நடுப்பகுதியில் ஓட்டை, ஈரம் இல்லை.
>
> வலது காது: 2000 ஹெர்ட்ஸ் வரை கேட்பு இயல்பு. 3000–6000 ஹெர்ட்ஸில் மிதமான உணர்நரம்பு வகைக் குறைபாடு. 4000இல் 55 டெசிபெல் பள்ளம், 8000இல் 35ஆக மீட்சி. நான்கு அலைவெண் சராசரி 28.75 டெசிபெல். பேச்சு அறியும் அளவு 20 டெசிபெல், சொல் மதிப்பெண் 96%. டிம்பனோகிராம் ஏ வகை.
>
> இடது காது: மிதமான-கடுமை அளவிலான கலப்பு வகைக் குறைபாடு. நான்கு அலைவெண் சராசரி காற்றுவழி 66.25, எலும்புவழி 41.25, இடைவெளி 25 டெசிபெல். 4000 தவிர்த்த காற்றுவழி அளவுகளும் எலும்புவழி அளவுகள் அனைத்தும் மாஸ்கிங்குடன் எடுக்கப்பட்டவை. பேச்சு அறியும் அளவு 65 டெசிபெல், சொல் மதிப்பெண் 84%. டிம்பனோகிராம் பி வகை, கொள்ளளவு 3.8 மி.லி.; செவிப்பறை ஓட்டையோடு பொருந்துகிறது.
>
> குறிப்பு: வலது காதின் வடிவம் தொழில் சத்த வரலாற்றோடு பொருந்துகிறது. 500–2000 ஹெர்ட்ஸில் இடது எலும்புவழி அளவு வலதைவிட 15–20 டெசிபெல் மோசம். பதில்களின் நம்பகத்தன்மை நன்று. அளவுச் சொற்கள்: 25 டெசிபெல் வரை இயல்பு எனக் கொள்ளும் அளவுகோல்.
>
> பரிந்துரை: இடது காதுக்கும் எலும்புவழிச் சமமின்மைக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவர் மதிப்பீடு. அதன் பின் இடது காதுக்குக் கருவி ஆலோசனை. தறியில் காதை வெளியே மூடும் கவசம். இடது காதில் தண்ணீர் படாமல் பாதுகாப்பு. ஓராண்டில் மறு சோதனை.

இதில் சில சொற்கள் யோசித்து வைத்தவை. "தொழில் சத்தத்தால் வந்தது" என்று இல்லாமல் "வரலாற்றோடு பொருந்துகிறது" என்று இருப்பதற்குக் காரணம், ஆடியோகிராம் வடிவத்தைத்தான் காட்டும், காரணத்தை நிரூபிக்காது. கவசத்தில் "காதை வெளியே மூடும்" என்று சேர்த்ததும் வேண்டுமென்றேதான்: சீழ் வடிகிற ஓட்டைக் காதுக்குள் நுரை அடைப்பானைச் செருகச் சொல்லக் கூடாது. பாதுகாப்பு என்று பொதுவாக எழுதினால் குடோனில் கொடுப்பது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

சான்றிதழ் பற்றி நோயாளி கேட்பார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 இரண்டு காதிலும் 60 முதல் 70 டெசிபெல் வரையான குறைபாட்டைக் கேட்புத்திறன் குறைவு என்றும், இரண்டு காதிலும் 70 டெசிபெல் குறைபாட்டைக் காது கேளாமை என்றும் வரையறுக்கிறது. இவருக்கு வலது 28.75 என்பதால் அந்த வரையறைக்குள் வரமாட்டார். ஆனால் அதை இந்த அறிக்கையில் எழுத வேண்டியதில்லை. சதவீதம் போட்டுச் சான்றளிப்பது மருத்துவக் குழுவின் பொறுப்பு. அவர்களுக்கு வேண்டிய நான்கு அலைவெண் எண்கள் இரண்டு காதுக்கும் தெளிவாக இருந்தால் போதும்.

கையெழுத்துக்கு மேலே சோதனை தேதி, ஆடியோமீட்டரின் பெயரும் கடைசி அளவுத்திருத்தத் தேதியும், எந்த ஃபோன் என்பதும் இருக்கட்டும். கீழே சோதித்த ஆடியாலஜிஸ்டின் பெயரும் இந்திய மறுவாழ்வுக் குழுமப் பதிவு எண்ணும். ஆடியோகிராமின் நகலை இணைத்துவிடுங்கள், எண்களை அதோடு கடைசியாக ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள், வலது இடது மாறியிருக்கிறதா என்று தனியாக ஒருமுறை பாருங்கள்.

அறிக்கையைக் கையில் கொடுக்கும்போது அவருக்குப் புரிகிற பேச்சில் இரண்டு வரி சொல்லிவிடலாம்: "வலது காது பேச்சுக்கு நல்லா இருக்குதுங்க, ஆனா தறிச் சத்தத்துல மேல் சுருதி கொஞ்சம் போயிருக்கு, கவசம் போட்டா மேல போகாம காப்பாத்தலாமுங்க. இடது காதுல பாதிக்கும் குறைவு ஓட்டையால, மீதி உள்காதுல. முதல்ல காது டாக்டரப் பாத்துட்டு வாங்க, அப்புறம் மிஷின் வேணுமான்னு பாத்துக்கலாம்."